சிமுலேஷனில் அமைதி, பலகையில் இரைச்சல்: டி ஃபில்டரின் Tf-ஐ எப்படி முடிவு செய்வது?

சுழல்மேடை எழுதியது:

பொருட்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்க வீட்டில் ஒரு சின்னச் சுழல்மேடை செய்துகொண்டிருக்கிறேன். கியர் வைத்த 12 வோல்ட் டிசி மோட்டார். மேடையின் அச்சிலேயே என்கோடர், ஒரு சுற்றுக்கு 400 கோடு. நான்கு விளிம்புகளையும் எண்ணுவதால் 1600 கவுண்ட் கிடைக்கிறது, அதாவது ஒரு கவுண்டுக்கு 0.225 டிகிரி. லூப் Ts = 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஓடுகிறது. வெளியீடு −255 முதல் +255 வரை பிடபிள்யூஎம்.

சிமுலிங்கில் வைத்துப் பார்த்து Kp = 8, Kd = 0.24 என்று எடுத்தேன். ஐ இன்னும் சேர்க்கவில்லை. அந்த பிஐடி பிளாக்கில் `N` என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் ஏற்கெனவே இருந்த 100-ஐ நான் தொடவில்லை. சிமுலேஷனில் மேடை போய் அழகாக நின்றது. லூப்பின் கெயின் 1-ஐக் குறுக்கிடும் இடம் சுமார் 50 ரேடியன்/வினாடி.

பலகையில் இப்போதைய கோணத்திலிருந்து முந்தையதைக் கழித்து, 1 மில்லிவினாடியால் வகுத்து, Kd-யால் பெருக்கினேன். மேடை நிற்க வேண்டிய இடத்தில் கர்ர்ர் என்று இரைகிறது, டிரைவர் ஐசி மேல் விரல் வைக்க முடியவில்லை. Kd-யைப் பூஜ்யமாக்கினால் சத்தம் போய்விடுகிறது, ஆனால் மேடை இலக்கைத் தாண்டிப் போய் மூன்று நான்கு முறை ஆடித்தான் நிற்கிறது.

ஃபில்டர் வேண்டும் என்று படித்தேன். Td = Kd/Kp = 0.03, N = 100, ஆக ஃபில்டரின் கால மாறிலி Tf = Td/N = 0.0003 வினாடி என்று கணக்குப் போட்டு இப்படி எழுதினேன்:

```c
d += (Ts/Tf) * (Kd*(y_prev - y)/Ts - d);
```

இயக்கியதும் மோட்டார் +255, −255 என்று மாறி மாறி அடித்தது. பவரைப் பிடுங்கிவிட்டேன். ஃபில்டர் போட்டால் நிலைமை மோசமாகுமா?

நேர்பாதை எழுதியது:

இது எல்லோருக்கும் வருவதுதான். டி-யை எர்ரர் மேல் போட்டிருப்பீர்கள். இலக்கை மாற்றியதும் எர்ரர் ஒரே அடியாகக் குதிக்கும், அதன் டெரிவேட்டிவ் ஒரு பெரிய உதை. டி-யை அளவீட்டின் மேல் மட்டும் போடுங்கள். ஆர்டுயினோவின் `PID_v1` அப்படித்தான் செய்கிறது. சரியாகிவிடும்.

சுழல்மேடை எழுதியது:

நான் எழுதிய வரியில் இருப்பது `y_prev - y` தானே. அளவீட்டின் மேல்தான் போட்டிருக்கிறேன். இலக்கு மாறாமல் மேடை சும்மா நிற்கும்போதும் இரைகிறது.

பழைய ரிலே எழுதியது:

நேர்பாதை சொன்னது நல்ல பழக்கம்தான், ஆனால் அது வேறு நோய்க்கான மருந்து. இலக்கு நகரும்போது வரும் உதையைத்தான் அது நிறுத்தும். இங்கே உதைப்பது என்கோடர்.

தம்பி, ஒரே ஒரு கவுண்ட் மாறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மேடை இரண்டு கவுண்டுகளுக்கு நடுவே உள்ள விளிம்பில் நிற்கிறது, ஒரு துளி அதிர்வில் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. பி பகுதிக்கு அது 8 × 0.225 = 1.8, யாருக்கும் தெரியாது. டி பகுதியோ அந்த 0.225 டிகிரி 1 மில்லிவினாடியில் நடந்தது என்று நம்பி, வினாடிக்கு 225 டிகிரி வேகம் என்று கணக்கிடுகிறது. 0.24 × 225 = 54. நகராத மேடைக்கு 54 பிடபிள்யூஎம்! அந்த உதை மேடையை நகர்த்தி அடுத்த கவுண்டை மாற்றும், அது எதிர்த்திசையில் இன்னொரு 54-ஐக் கொண்டுவரும். தன் வாலைத் தானே துரத்துகிற நாய் மாதிரி. நீங்கள் கேட்ட கர்ர்ர் அதுதான்.

1.8-க்கும் 54-க்கும் இடையே 30 மடங்கு. அந்த 30 எங்கிருந்து வந்தது என்றால், Td / Ts. உங்கள் Td 30 மில்லிவினாடி, Ts 1 மில்லிவினாடி. மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லூப்பை இன்னும் வேகமாக ஓட்டினால் இன்னும் கெடும்.

ஒரு கேள்வி. பி, டி இரண்டும் இல்லாமல் வெறும் பிடபிள்யூஎம்-ஐ மெல்ல ஏற்றினால் மேடை எந்த எண்ணில் நகரத் தொடங்குகிறது?

சுழல்மேடை எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன். ஏறக்குறைய 20.

பறவைக்கண் எழுதியது:

டிரோன் பறக்கவிடுகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பீட்டாஃப்ளைட்டில் டி-க்கு என்றே தனி லோ-பாஸ் இருக்கிறது. அதைத் தளர்த்தி வைத்துப் பறந்துவிட்டு இறக்கினால் மோட்டார் சுடும். ரொம்ப இறுக்கினால் மோட்டார் குளிர்ந்துவிடும், ஆனால் தன் காற்றிலேயே இறங்கும்போது டிரோன் நடுங்கும். 100 ஹெர்ட்ஸ் போடுங்கள், எனக்கு அது எப்போதும் சரியாக இருந்திருக்கிறது.

கொதிகலன் எழுதியது:

நான் ஆலையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்க்கிறேன். எங்களுக்கு இதே தொல்லை வேறு அளவில் வந்தது. ஒரு வெப்பநிலை லூப், 0 முதல் 400 டிகிரி வரையான ரேஞ்ச், 12 பிட் கார்டு, ஆக ஒரு பிட்டுக்கு சுமார் 0.1 டிகிரி. Td 60 வினாடி, கெயின் டிகிரிக்கு 2 சதவீதம். பழைய கன்ட்ரோலர் 1 வினாடிக்கு ஒருமுறை ஸ்கேன் செய்யும், வால்வு கொஞ்சம் பதறும், அவ்வளவுதான். புதிய சிஸ்டம் வந்தபோது யாரோ ஸ்கேனை 100 மில்லிவினாடி ஆக்கிவிட்டார்கள், "வேகம் நல்லதுதானே" என்று. வால்வு முழுதாகத் திறக்கிறது, முழுதாக மூடுகிறது. நாங்கள் தெர்மோகப்பிள் ஒயரை மாற்றினோம், ஷீல்டை மாற்றினோம், எர்த்தை நோண்டினோம். கடைசியில் ஸ்கேனை மறுபடி 1 வினாடி ஆக்கினேன், அடங்கியது. ஆகவே என் பரிந்துரை: லூப்பை 10 மில்லிவினாடி ஆக்குங்கள். ஃபில்டரே தேவையில்லை.

பழைய ரிலே எழுதியது:

கொதிகலன், உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிட் மாறினால் 100 மில்லிவினாடி ஸ்கேனில் வினாடிக்கு 1 டிகிரி. அதை 60-ஆல் பெருக்கி, 2-ஆல் பெருக்கினால் 120 சதவீதம். வால்வு என்ன செய்யும் பாவம். 1 வினாடி ஸ்கேனில் அது 12 சதவீதம். நீங்கள் ஸ்கேனை மெதுவாக்கியதால் நோய் போகவில்லை, ஸ்கேன் நேரத்தையே ஒரு மோசமான ஃபில்டராக ஆக்கிக்கொண்டீர்கள். அதே 100 மில்லிவினாடியில் 7.5 வினாடி டி ஃபில்டர் வைத்திருந்தால் உதை 2 சதவீதத்துக்குள் அடங்கியிருக்கும், ஸ்கேனும் வேகமாக இருந்திருக்கும்.

சுழல்மேடை 10 மில்லிவினாடிக்குப் போனால் உதை 5.4 ஆகும், உண்மைதான். ஆனால் பி-யும் சேர்ந்து தாமதமாகும். டி மட்டும் செய்யும் தப்புக்கு பி-யையும் ஏன் தண்டிக்க வேண்டும்?

கொதிகலன் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எங்கள் இடத்தில் டி-யைத் தொடவே பாதிப் பேருக்குப் பயம். ஒரு பழைய சமாச்சாரம் சொல்கிறேன். காற்றழுத்தத்தில் ஓடிய கன்ட்ரோலர்களில் டெரிவேட்டிவுக்கு ஒரு சிறு அடைப்பானும் பெல்லோஸும்தான். டெய்லர் கம்பெனி அதற்கு 'ப்ரீ-ஆக்ட்' என்று பெயர் வைத்திருந்தது. அந்த அமைப்பாலேயே டி-யின் உச்ச கெயினுக்கு ஒரு வரம்பு இருந்தது, யாரும் ஃபில்டர் என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை. கணினியில் கழித்தல் போட வந்த பிறகுதான் இந்தக் கூத்து.

பழைய ரிலே எழுதியது:

அருமையான நினைவூட்டல். சரி, சுழல்மேடையின் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் அந்த ஃபில்டர் ஏன் வெடித்தது என்பது. உங்கள் வரியில் பழைய d-யை (1 − Ts/Tf) பெருக்குகிறது. Ts/Tf = 3.33, ஆக பெருக்கும் எண் −2.33. ஒவ்வொரு மில்லிவினாடியும் குறி மாறி, இரண்டு மடங்குக்கு மேல் வளர்கிறது. Tf, Ts-இல் பாதிக்குக் கீழே போனால் அந்த வரி நிலையாக நிற்காது. இப்படி எழுதினால் எந்த Tf-க்கும் வெடிக்காது:

```c
d = (Tf*d - Kd*(y - y_prev)) / (Tf + Ts);
y_prev = y;
```

ஆனால் இதிலும் Tf 0.3 மில்லிவினாடி என்றால் லாபம் இல்லை. ஒரு கவுண்டின் உதை 0.24 × 0.225 / (Tf + Ts). Tf = 0.0003 போட்டால் 41.5. இருந்தது 54. அந்த 0.3 எங்கிருந்து வந்தது என்பதில்தான் உங்கள் உண்மையான பிழை இருக்கிறது. புத்தகத்து N என்பது Td/Tf என்கிற விகிதம். சிமுலிங்க் பெட்டியிலுள்ள `N` விகிதமே அல்ல, ஃபில்டரின் pole இருக்கும் இடம், ரேடியன்/வினாடியில். அங்கே 100 என்றால் Tf = 1/100, அதாவது 10 மில்லிவினாடி. புத்தகக் கணக்கில் அது N = 3. சிமுலேஷனில் உங்களுக்கு அழகாக நின்றது 10 மில்லிவினாடி ஃபில்டர் போட்ட டி. பலகையில் நீங்கள் எழுதியது வேறொரு கன்ட்ரோலர்.

சுழல்மேடை எழுதியது:

ஐயோ. இப்போது புரிகிறது. புத்தகங்களில் "N 8 முதல் 20 வரை வையுங்கள்" என்று இருந்ததைப் பார்த்து நேற்று சிமுலிங்கில் 10 போட்டேன். சிமுலேஷனே ஆடத் தொடங்கிவிட்டது, டி இல்லாதது போலவே. புத்தகம்தான் தப்பு என்று நினைத்தேன்.

பழைய ரிலே எழுதியது:

புத்தகம் சரிதான். நீங்கள் 100 மில்லிவினாடி ஃபில்டர் வைத்துவிட்டீர்கள், Td-யே 30 மில்லிவினாடி என்கிறபோது. 50 ரேடியனில் ஆட்டத்தை அடக்க உங்களுக்கு மிஞ்சியது இரண்டரை டிகிரி பேஸ் லீட். டி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அந்தக் கணக்கு இதுதான். பி, டி இரண்டையும் சேர்த்து w என்ற அதிர்வெண்ணில் கிடைக்கும் லீட்:

```
lead = atan(w*(Td+Tf)) - atan(w*Tf)
```

டி முன்னால் தள்ளுகிறது, ஃபில்டர் பின்னால் இழுக்கிறது. உங்கள் w = 50, Td = 0.03. ஃபில்டரே இல்லையென்றால் 56 டிகிரி லீட், ஒரு கவுண்டுக்கு 54 உதை. Tf 3 மில்லிவினாடி என்றால் (புத்தகத்து N = 10) லீட் 50 டிகிரிக்கு இறங்குகிறது, உதையோ 13.5. ஆறு டிகிரியைக் கொடுத்து நாய்ஸை நான்கில் ஒன்றாக்கியிருக்கிறீர்கள். இதைவிட மலிவான பேரம் கிடையாது. 10 மில்லிவினாடிக்குப் போனால் லீட் 37, உதை 4.9. 30 மில்லிவினாடி என்றால் லீட் 15, உதை 1.7.

எங்கே லாபம் நிற்கிறது என்று பாருங்கள். முதல் 3 மில்லிவினாடியில் 40 பிடபிள்யூஎம் போயிற்று. 10-லிருந்து 30-க்குப் போகையில் மூன்றே பிடபிள்யூஎம்தான் குறைகிறது, அதற்கு 22 டிகிரி கட்ட வேண்டியிருக்கிறது. குறுக்கிடும் இடமும் கொஞ்சம் நகரும், அதை இங்கே விட்டுவிட்டேன்.

பறவைக்கண் எழுதியது:

என் 100 ஹெர்ட்ஸை யாரும் கண்டுகொள்ளவில்லையே.

பழைய ரிலே எழுதியது:

மன்னிக்கணும். 100 ஹெர்ட்ஸ் என்றால் Tf சுமார் 1.6 மில்லிவினாடி. இவருக்கு உதை 21 வரும், மேடை நகரத் தொடங்குவதோ 20-இல். சரியாக வாசற்படியில் நிற்கிறது. டிரோனின் லூப் இவருடையதைவிடப் பல மடங்கு வேகம், அங்கே 100 ஹெர்ட்ஸ் இறுக்கமான ஃபில்டர், இங்கே தளர்வானது. ஹெர்ட்ஸை அப்படியே ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. குறுக்கிடும் இடத்தோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

நேர்பாதை எழுதியது:

இவ்வளவு எதற்கு? என்கோடர் அளவை 20 மாதிரிகளுக்குச் சராசரி எடுத்துவிட்டு அதை பிஐடிக்குக் கொடுங்கள். ஒரே வரி. நான் அப்படித்தான் செய்கிறேன், வழுவழுப்பாக வருகிறது.

பழைய ரிலே எழுதியது:

வரைபடம் வழுவழுப்பாகத்தான் வரும். 20 மாதிரிச் சராசரியின் தாமதம் 9.5 மில்லிவினாடி, 50 ரேடியனில் அது 27 டிகிரி. அதுவும் பி, டி இரண்டுக்கும் சேர்த்து. 56-இல் 29 மிஞ்சும். டி-யில் மட்டும் 10 மில்லிவினாடி ஃபில்டர் வைத்தால் 37 மிஞ்சுகிறது.

உங்கள் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. சராசரி போட்டால் ஒரு கவுண்டின் டி உதை 2.7 ஆகிவிடுகிறது, 4.9-ஐவிடக் குறைவு. மேலும் டி-யில் மட்டும் ஒரு முதல்படி ஃபில்டர் வைத்தால் உயர் அதிர்வெண்ணில் கெயின் கீழே இறங்காது, பி-யின் (1 + N) மடங்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். முழு அளவீட்டுக்கும் இரண்டாம்படி ஃபில்டர் போட வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் ஃபில்டரின் தாமதத்தையும் சேர்த்து Kp, Kd-யைக் கணக்கிடுவார்கள். எல்லாம் முடித்த பிறகு மேலே ஒரு சராசரியை ஒட்டவைக்க மாட்டார்கள்.

நேர்பாதை எழுதியது:

என் லூப் மெதுவானது, அதனால் தப்பித்தேன் போல. ஆனாலும் ஒரு வரி ஒரு வரிதான்.

சுழல்மேடை எழுதியது:

முதலில் 3 மில்லிவினாடி போட்டேன். இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது, டிரைவர் வெதுவெதுப்போடு சரி. ஆனால் சில கோணங்களில் மட்டும் நின்றபிறகு மெல்லிய உறுமல் இருக்கிறது. உதை 13.5, நகர 20 வேண்டும், பிறகு ஏன்?

பழைய ரிலே எழுதியது:

அந்தக் கோணங்களில் மேடை இலக்குக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது?

சுழல்மேடை எழுதியது:

ஒன்று, ஒன்றரை டிகிரி. ஐ இல்லாததால் என்று விட்டுவிட்டேன்.

பழைய ரிலே எழுதியது:

அப்படியானால் விடை கையிலேயே இருக்கிறது. ஒரு டிகிரி எர்ரருக்கு பி ஏற்கெனவே 8 பிடபிள்யூஎம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதோடு 13.5 சேர்ந்தால் 21.5, மேடை நகரும். இலக்கில் சரியாக நிற்கும் கோணங்களில் 13.5 தனியாக வருவதால் அசைக்க முடியவில்லை. பி, டி இரண்டையும் தனித்தனி எண்களாகப் பதிவு செய்து பாருங்கள், மொத்த வெளியீட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

6 மில்லிவினாடி போட்டுப் பாருங்கள். உதை 7.7, லீட் 44.

சுழல்மேடை எழுதியது:

போட்டேன். நிற்கும்போது எந்தக் கோணத்திலும் சத்தமே இல்லை. இலக்கை ஒரே ஒருமுறை லேசாகத் தாண்டி வந்து நிற்கிறது, 3 மில்லிவினாடியில் அந்தத் தாண்டல் இன்னும் குறைவாக இருந்தது. எனக்கு இது போதும்.

ஒன்று மட்டும் மிச்சம். வீடியோவுக்காக வினாடிக்கு 30 டிகிரி வேகத்தில் மெதுவாகச் சுற்றினால் சின்னதாக டிக் டிக் என்று ஒரு துடிப்பு.

பழைய ரிலே எழுதியது:

அந்த வேகத்தில் ஒரு கவுண்ட் 7.5 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் வருகிறது. ஃபில்டர் இல்லாத டி ஆறேழு முறை பூஜ்யம் சொல்லிவிட்டு ஒருமுறை 54 என்று கத்தும். சராசரி சரிதான், 7.2. வினாடிக்கு 30 டிகிரிக்கு வரவேண்டியதும் அதுவே. ஃபில்டர் அந்த ஒற்றை உதையைப் பக்கத்து மாதிரிகளுக்குப் பரப்புகிறது. 3 மில்லிவினாடியில் டி 15-க்கும் 2-க்கும் நடுவே ஏறி இறங்கும், 10 மில்லிவினாடியில் 10-க்கும் 5-க்கும் நடுவே. உங்கள் 6 இவற்றுக்கு இடையில். முழுவதும் தட்டையாக்க Tf, கவுண்ட் இடைவெளியைவிட மிகப் பெரிதாக வேண்டும், அதற்கு லீட் கையில் இல்லை. இன்னும் மெதுவாகச் சுற்றினால் இன்னும் மோசமாகும்.

இரண்டு கவுண்டுகளுக்கு இடையே எத்தனை மைக்ரோவினாடி ஆனது என்று டைமரால் அளந்து வேகத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வழி. அப்போது அந்த ஒன்று-பூஜ்யக் கத்தல் வராது. ஆனால் நிற்கும்போது அடுத்த கவுண்ட் வரவே வராது, அதற்குத் தனியாக ஒரு வரம்பு வைத்து வேகம் பூஜ்யம் என்று சொல்ல வேண்டும்.

பறவைக்கண் எழுதியது:

துடிப்பு என்கோடரால்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மலிவு கியர்பாக்ஸ் என்றால் பல்லுக்கு ஒரு டிக் கேட்கும். என்னிடம் ஒன்று இருக்கிறது, நேராக பேட்டரியில் இணைத்தாலும் டிக் டிக்தான்.

சுழல்மேடை எழுதியது:

கவுண்டால் வந்தால் 30 டிகிரி வேகத்துக்கு வினாடிக்கு 133 முறை வர வேண்டும், அது டிக் டிக் என்று கேட்காதே, ஒரு முனகலாகத்தானே கேட்கும்? எனக்குக் கேட்பது வினாடிக்கு ஏழெட்டு.

பழைய ரிலே எழுதியது:

ஆமாம், அங்கே நான் அவசரப்பட்டுவிட்டேன். ஏழெட்டு என்றால் கவுண்ட் இல்லை. கியராக இருக்கலாம். குறுக்கிடும் இடமும் 8 ஹெர்ட்ஸ்தான் என்பது எனக்கு உறுத்துகிறது, லூப்பே மெல்ல ஆடிக்கொண்டிருக்கலாம். வேகத்தை 15 டிகிரி ஆக்குங்கள். டிக் பாதியாகக் குறைந்தால் கியர், அதே ஏழெட்டில் நின்றால் லூப்.

சுழல்மேடை எழுதியது:

இரவு பத்து மணிக்கு மேல் மோட்டார் ஓட்ட வீட்டில் அனுமதி இல்லை. நாளை பார்த்துச் சொல்கிறேன்.